அத்தியாயம் 6: கூட்டம் கத்தும் பெயர்களிலிருந்து பாட்டைக் கண்டுபிடித்தல்

என் அக்கா மகள் ஒருநாள் இரண்டு துண்டு வீடியோக்களை எனக்கு அனுப்பினாள். ஒன்று 11 விநாடி, இன்னொன்று 8 விநாடி. யாரோ ஒரு பெரிய அரங்கத்தின் மேல் வரிசையிலிருந்து கைபேசியில் எடுத்தவை. கை மாறிக் கை மாறி வந்ததால் தேதியும் இல்லை, ஊரும் இல்லை. முதல் துண்டில் பாடும் குரலே கேட்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே மூச்சில் எதையோ கத்துவது மட்டும் கேட்டது. இரண்டாவதில் மேடையில் ஏழு பேர் தீப்பெட்டிக் குச்சி அளவில் தெரிந்தார்கள். "சித்தி, கொரியன் பாட்டுதான், அது வரைக்கும் தெரியுது. ஆனா 'பட்சி மீன்'னு ஏதோ வருது. அதைப் போட்டுத் தேடினா ஒண்ணுமே கிடைக்கல" என்றாள்.

இந்த அத்தியாயம் முழுக்க அந்த இரண்டு துண்டுகளைப் பற்றித்தான். கொரியப் பாப் இசை நிகழ்ச்சிகளில் ரசிகர்கள் கத்துவதற்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. அது தெரிந்துவிட்டால் பாட்டு கேட்காவிட்டாலும் பாட்டைப் பிடிக்கலாம்.

அவள் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷசாம் செயலியிடம் வீடியோவை ஓடவிட்டுக் காட்டியிருக்கிறாள். பதில் வரவில்லை. அந்தச் செயலி ஒலியில் எந்த நேரத்தில் எந்தச் சுருதி ஓங்கி நிற்கிறது என்ற புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பதிவு செய்த பாடல்களின் புள்ளிகளோடு ஒப்பிடும். கூட்டம் கத்தும்போது ஓங்கி நிற்பவை கூட்டத்தின் புள்ளிகளே. பாட்டின் புள்ளிகள் அடியில் அமுங்கிப்போகும். ஆகவே கூட்டம் மூச்சு வாங்கும் இடைவெளியை மட்டும் வெட்டிக் கொடுத்துப் பாருங்கள். மேடையில் அசல் பதிவின் இசையையே ஓடவிட்டுப் பாடினால் சில விநாடிகளே போதுமானதாக அமையலாம். இசைக்குழு நேரில் வாசித்தாலோ, அந்த மேடைக்கென்று இசையை மாற்றியிருந்தாலோ இந்த வழி உதவாது. எங்கள் துண்டில் இடைவெளியே இல்லை. அதனால் கூட்டத்தையே கேட்க வேண்டியதாயிற்று.

கத்துவது பாட்டின் வரி அல்ல

அவள் தடுக்கி விழுந்த இடம் இதுதான். கத்தியதைப் பாட்டின் வரி என்று எடுத்துக்கொண்டாள். இந்த ரசிகர் கோஷத்துக்குக் கொரிய மொழியில் 'உங்வொன்பொப்' என்று பெயர், ஆதரவு தெரிவிக்கும் முறை என்று பொருள். புதுப் பாட்டு வரும்போது எந்த இடத்தில் எதைக் கத்த வேண்டும் என்ற குறிப்பு ரசிகர் மன்றம் வழியாகவோ நிறுவனத்திடமிருந்தோ வரும். ரசிகர்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். கோஷம் விழும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. பாடல் தொடங்குமுன் வெறும் இசை ஓடும் இடத்தில் குழுவினரின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, கடைசியில் குழுவின் பெயரைச் சொல்வார்கள். சரணத்தில் பாடகர் பாடிய வரியின் வாலை மட்டும் பிடித்துத் திருப்பிக் கத்துவார்கள். பல்லவியில் பாட்டின் தலைப்பையோ அதில் திரும்பத் திரும்ப வரும் சொல்லையோ ஓங்கிச் சொல்வார்கள்.

எனவே காதில் விழுந்த நாலைந்து அசைகள் வரியின் தொடக்கமாக இருப்பது அபூர்வம். ஒன்று அவை ஆட்களின் பெயர், இல்லையென்றால் வரியின் முடிவு. வரி முடிவு என்றால் அதை நம்பித் தேடாதீர்கள். தமிழில் வாக்கியங்கள் 'கிறேன்', 'தான்', 'டா' என்று முடிவதுபோல் கொரியமும் வினைமுற்றில் முடியும் மொழி. 'யோ', 'ஒ', 'ஹே' என்ற ஒலிகள் ஆயிரம் பாட்டின் கடைசியில் இருக்கும். பெயர் வரிசைதான் புதையல்.

அசைகளை எண்ணுதல்

பெயர் வரிசைதானா என்று எப்படித் தெரியும்? எண்ணிப் பாருங்கள். நான் சொல்லும் அசை நம் யாப்பிலக்கணத்தின் நேரசை, நிரையசை அல்ல. ஒருமுறை வாய் திறந்து மூடுவது ஓர் அசை. கொரிய எழுத்தில் ஒரு கட்டம் ஓர் அசை. பெரும்பாலான கொரியப் பெயர்களில் குடும்பப் பெயர் ஓர் அசை, இட்ட பெயர் இரண்டு அசை. ஆக மூன்று. கூட்டம் மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டு போய், கடைசியில் மட்டும் அளவு மாறி நின்றால் அது பெயர் வரிசையும் குழுப் பெயரும்தான்.

எங்கள் 11 விநாடித் துண்டை வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஓடவிட்டு, மேசையில் விரலால் தட்டி எண்ணினோம். துண்டு நடுவில் தொடங்கியது. முதல் பெயரின் பாதி வெட்டுப்பட்டிருந்தது. பிறகு மூன்று, மூன்று, மூன்று, மூன்று, மூன்று என்று ஐந்து. அப்புறம் வேறு அளவில் ஒரு பெரும் கத்தல், அதோடு கைதட்டல். ஆக, குறைந்தது ஆறு பெயர்கள். இரண்டாவது துண்டில் ஏழு பேர் நிற்பதால் ஏழு என்று வைத்துக்கொண்டோம்.

இந்த எண்ணிக்கை எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு ட்வைஸ் குழு நல்ல எடுத்துக்காட்டு. ஒன்பது பெண்கள். பெயர் வரிசை வயதுப்படி போகும்: இம் நயொன், யூ ஜொங்யொன், மோமோ, சானா, பக் ஜிஹ்யோ, மினா, கிம் தஹ்யொன், சொன் செயொங், சுவி. மோமோ, சானா, மினா ஜப்பானியர். சுவி தைவானைச் சேர்ந்தவர். இந்த நால்வரையும் குடும்பப் பெயர் இல்லாமல் கூப்பிடுவார்கள். ஆகவே தட்டினால் 3-3-2-2-3-2-3-3-2 என்று விழும். இப்படி ஏற்ற இறக்கத்தோடு வரும் வரிசையை வேறொன்றோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை; ஒரு சொல் கூடப் புரியாமலே குழுவைச் சொல்லிவிடலாம்.

எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஏழு பெயரும் மூன்று அசை என்றால் பிடிஎஸ் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் 2010-இல் அறிமுகமான இன்ஃபினிட் குழுவிலும் முதலில் ஏழு பேர்தான், ஏழு பெயரும் மூன்று அசைதான். எண்ணிக்கை கதவு வரை கொண்டுவந்து விட்டது. உள்ளே போகக் காது வேண்டும்.

கேட்டதைத் தமிழில் எழுதுங்கள்

கேட்ட அசைகளை எழுதும்போது நம்மவர்கள் ஆங்கில எழுத்தில் எழுதப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கொரிய ஒலிகளுக்குத் தமிழ் எழுத்து மிக நெருக்கமாகப் பொருந்தும். நாம் 'கல்' என்னும்போது ககரம் வல்லொலியாகவும் 'தங்கம்' என்னும்போது மெல்லக் குழைந்தும் வருகிறது அல்லவா? 'பஞ்சு' என்பதில் சகரமும் அப்படித்தான். கொரியத்திலும் சாதாரண க, த, ப, ச ஒலிகள் சொல்லின் முதலில் வன்மையாகவும், மூக்கொலிக்குப் பின்னும் உயிர்களுக்கு நடுவிலும் மென்மையாகவும் ஒலிக்கும். ஆங்கிலத்தில் எழுதினால் ஒவ்வொரு இடத்திலும் எந்த எழுத்தைப் போடுவது என்று தடுமாற வேண்டும். தமிழில் காது கேட்டபடி கை போகும்.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். சொல்லின் முதலில் வரும் ம, ந ஒலிகளைக் கொரியர் பலர் மூக்கொலி குறைத்துச் சொல்வார்கள்; நமக்கு அது ப, த போலக் கேட்கும். நீங்கள் 'பின்' என்று எழுதியிருந்தால் 'மின்' ஆகவும் இருக்கலாம் என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். இன்னொன்று ஹகரம். நடுவில் வரும் ஹகரம் வேகமாகக் கத்தும்போது கரைந்துபோகும்.

அக்கா மகளிடம், கேட்டதைக் கேட்டபடி பொருள் தேடாமல் எழுதச் சொன்னேன். அவள் எழுதியது: '...சின், பின்யுங்கி, சொங்ஓசொக், பக்சிமின், கிம்தெயொங், சொன்ஜொங்குக்', பிறகு ஒரு பெரும் கத்தல். 'பட்சி மீன்' எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. அது பக் ஜிமின் என்ற பெயர். ககர மெய்க்குப் பின் வரும் ஜகரம் கொரியத்தில் அழுத்தமாக மாறி 'ச்சி' என்று விழும். அதைத் தமிழ்க் காது பழகிய சொல்லுக்கு இழுத்துக்கொண்டது. இதே பெயரை ஆங்கிலத்தில் Park என்று எழுதுகிறார்கள். அதில் வரும் ரகரம் கொரிய உச்சரிப்பில் கிடையாது. ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் பார்த்துப் பழகிய பலர், காதில் விழும் 'பக்' அதுதான் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடுகிறார்கள்.

பிடிஎஸ்ஸின் முழு வரிசை இது: கிம் நம்ஜூன், கிம் சொக்ஜின், மின் யூன்கி, ஜொங் ஹோசொக், பக் ஜிமின், கிம் தெஹ்யொங், ஜொன் ஜொங்குக், பிடிஎஸ். தலைவர் நம்ஜூன் முதலில். மற்றவர்கள் வயதுப்படி மூத்தவரிலிருந்து இளையவர் வரை. (ட்வைஸில் தலைவி ஜிஹ்யோ வயதுப்படி ஐந்தாவதாகத்தான் வருகிறார், குழுவுக்குக் குழு வழக்கம் வேறு.) கத்துவது மேடைப் பெயர்களை அல்ல, பெற்றோர் வைத்த பெயர்களை. சுகா, ஜே-ஹோப், வி, ஆர்.எம். என்ற பெயர்களை எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஒன்றுகூட வராது. இன்ஃபினிட் குழுவின் ஏழு பெயர்களில் மூன்று, 'ஈ' என்ற குடும்பப் பெயரில் தொடங்குபவை. எங்கள் துண்டில் அப்படி ஒன்றும் இல்லை. ஆக, குழு பிடிஎஸ் என்பது உறுதியானது.

பெரிய மைதானத்தில் எடுத்த வீடியோ என்றால் ஒரு சங்கடம் உண்டு. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளியிருக்கும் கூட்டத்தின் கத்தல் கிட்டத்தட்ட 0.3 விநாடி தாமதமாக வந்து, அருகிலிருப்பவர்களின் கத்தல்மீது விழும். ஒவ்வோர் அசையும் இரட்டையாகக் கேட்கும்; எண்ணினால் மூன்று ஆறாகிவிடும். அப்போது கூட்டத்தைக் கேட்காமல், கைபேசிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றைக் குரலைத் தேடிப் பிடியுங்கள். வீடியோ எடுப்பவரே பெரும்பாலும் கத்திக்கொண்டிருப்பார்.

ஆட்ட அமைப்பைப் படித்தல்

குழு கிடைத்துவிட்டால் பாட்டு கிடைத்துவிட்டதாக ஆகாது. இதே பெயர் வரிசையை அந்தக் குழுவின் பல பாட்டுகளுக்குக் கத்துவார்கள். நிகழ்ச்சியின் தேதியோ ஊரோ தெரிந்தால் setlist.fm தளத்தில் அன்று பாடிய பட்டியலைப் பார்த்து, சில பத்துப் பாட்டுகளுக்குள் தேடலை அடக்கிவிடலாம். எங்களிடம் அது இல்லாததால் இரண்டாவது துண்டைத்தான் நம்பினோம்.

முகத்தைப் பார்த்து அடையாளம் காண முயல வேண்டாம். அத்தனை தூரத்தில் எல்லோரும் ஒன்றுதான். மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் பெருந்திரையும் ஒருவர் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டி அமைப்பை மறைத்துவிடும். வீடியோவை இரண்டு விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி, நிற்பவர்களைத் தாளில் புள்ளிகளாக வையுங்கள். நான்கு படங்கள் போதும். ஒவ்வொன்றிலும் யார் முன்னால் என்று ஒரு வட்டம். பிறகு கைகள் தனித்தனியாக இருக்கின்றனவா, அடுத்தவரைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். வி வடிவில் நிற்பதும் ஒருவர் நடுவில் வருவதும் எல்லாப் பாட்டிலும் உண்டு. அவற்றால் பயன் குறைவு. பல உடல்கள் சேர்ந்து ஓர் உருவத்தைச் செய்யும் கணம்தான் பாட்டின் கையெழுத்து.

பிடிஎஸ்ஸிலேயே அப்படிப்பட்ட கையெழுத்துகள் உண்டு. 2021 மே மாதம் வந்த 'பட்டர்' பாட்டில் ஏழு பேரும் சேர்ந்து ரசிகர் மன்றத்தின் பெயரான ஆர்மி என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஒவ்வொன்றாக உடலால் வரைந்து காட்டுவார்கள். அதே ஆண்டு ஜூலையில் வந்த 'பெர்மிஷன் டு டான்ஸ்' பாட்டில் சைகை மொழி இருக்கிறது: ஒரு உள்ளங்கையை மேடைபோல் விரித்து, அதன்மேல் மற்றொரு கையின் இரு விரல்களை ஆட்டினால் 'நடனம்' என்று பொருள்.

எங்கள் நான்கு படங்களில் முதல் படத்தில் ஏழு புள்ளிகள் ஒரே வரிசை. இரண்டாவதில் வரிசை நெருங்கியிருக்கிறது. மூன்றாவதில் கைகள் பக்கத்தில் இருப்பவர் கைகளோடு கோத்துக்கொண்டு, ஒன்று மேலே ஒன்று கீழே என்று போகின்றன. "ரயில் விளையாட்டு மாதிரி இருக்கு சித்தி" என்றாள். ரயில் என்றால் கைகள் ஒரே மட்டத்தில் நீளும். இங்கே ஒன்றையொன்று சுற்றி முறுகின. முறுக்கேணி போன்ற இந்தச் சங்கிலி, 2017 செப்டம்பர் 18 அன்று வெளியான 'டிஎன்ஏ' பாட்டின் ஆட்டத்தில் வருவது. உயிரணுவில் இருக்கும் இரட்டைச் சுருளைக் கைகளால் செய்து காட்டுகிறார்கள். தலைப்பையே உடம்பால் எழுதியிருக்கிறார்கள்.

இங்கே இரண்டு வழுக்கல்கள் உண்டு. மேடையில் இருப்பவர்களை எண்ணிக் குழுவை முடிவு செய்வது ஒன்று. 2018 அக்டோபரில் லண்டன் நிகழ்ச்சியில் காலில் அடிபட்ட ஜொங்குக் நாற்காலியில் அமர்ந்து பாடினார், மற்ற ஆறு பேர் ஆடினார்கள். தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2020-இன் கடைசி வாரங்களில் சுகா மேடைக்கு வரவில்லை. ஆள் இல்லாவிட்டாலும் ரசிகர்கள் அவர் பெயரை விட்டுவிட மாட்டார்கள். அதனால் தலைகளின் எண்ணிக்கையும் பெயர்களின் எண்ணிக்கையும் முரண்பட்டால் பெயர்களை நம்புங்கள். பின்னணி ஆட்டக்காரர்கள் சேரும்போது தலைகள் கூடும். அப்போதும் இதே விதிதான்.

இன்னொன்று, இடவலம் மாறிய படம். ஆட்டம் கற்பவர்களுக்காக இடவலம் மாற்றிப் போட்ட வீடியோக்கள் ஏராளம். அவற்றோடு உங்கள் துண்டை ஒப்பிட்டால் எல்லோரும் தப்பான பக்கம் நகர்வதாகத் தெரியும், சரியான பாட்டைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். உடையிலோ சுவரிலோ இருக்கும் எழுத்து இடவலம் மாறித் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

சரிபார்த்தல்

இவ்வளவு கிடைத்த பிறகும் நான் அவளிடம் பாட்டின் பெயரை உறுதியாகச் சொல்லவில்லை. ஒரு முடிவை ஆதரிக்கும் தடயங்களையே தேடிக்கொண்டிருந்தால் எப்போதும் கிடைத்துக்கொண்டேயிருக்கும். அந்த முடிவு தப்பாக இருந்தால் எது உடையும் என்று தேட வேண்டும்.

முதல் துண்டுக்குத் திரும்பினோம். கத்தலுக்கு அடியில் மெல்லிய சீழ்க்கை ஒலி ஒன்று இருந்தது. கூட்டத்தில் யாரோ அடிக்கிறார்கள் என்று இருவருமே ஒதுக்கியிருந்தோம். 'டிஎன்ஏ' தொடங்குவதே சீழ்க்கையிலும் கிட்டாரிலும்தான். தலையணி ஒலிபெருக்கி மாட்டிக்கொண்டு மீண்டும் கேட்டதில் சீழ்க்கை தாளத்தோடு ஒத்து, ஒரே மெட்டில் திரும்பத் திரும்ப வந்தது. கூட்டத்தில் ஒருவர் அடிக்கும் சீழ்க்கை அப்படி வராது. கூகுளின் தேடலில் 2020 முதல் இருக்கும் வசதியில், மெட்டை முணுமுணுத்தோ சீழ்க்கை அடித்தோ தேடலாம். 10 முதல் 15 விநாடி வேண்டும். எங்களுக்குக் கேட்டது அதில் பாதிதான் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

பிறகு இரண்டு தேடல்கள் செய்தோம். கோஷத்துக்கு `방탄소년단 DNA 응원법` என்று கொரிய எழுத்திலேயே. ஆங்கிலத்தில் தேடுவதைவிட இப்படித் தேடினால் பெயரும் இடமும் குறித்த பட்டியல்கள் அதிகம் வரும். ஆட்டத்துக்கு `BTS DNA dance practice`. இந்தப் பயிற்சி வீடியோக்களில் ஒரே கேமரா அசையாமல் நிற்கும், ஏழு பேரும் முழு நேரமும் தெரிவார்கள். தொலைக்காட்சிப் பதிவில் அது நடக்காது. அங்கே கேமரா மூன்று விநாடிக்கு ஒருமுறை மாறிவிடும்.

பயிற்சி வீடியோவில் கைச்சங்கிலி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, எங்கள் துண்டைப் பார்க்காமல், அதற்குப் பிந்தைய மூன்று விநாடிகளைத் தாளில் வரையச் சொன்னேன். சங்கிலி எந்த முனையில் முதலில் அவிழ்கிறது, யார் முன்னால் வருகிறார், பின்னால் போகும் புள்ளிகள் எந்தப் பக்கம் போகின்றன. வரைந்து முடித்த பிறகுதான் எங்கள் 8 விநாடித் துண்டின் கடைசிப் பகுதியை ஓடவிட்டோம். முதலில் ஒரு புள்ளி பொருந்தவில்லை. அவள் முகம் வாடிவிட்டது. திரும்பப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: வீடியோ எடுத்தவர் மேடைக்கு நேர் எதிரே இல்லை, இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்தக் கோணத்தில் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவர் மறைந்துபோய் ஒரே புள்ளியாகத் தெரிந்திருக்கிறார்கள். அந்தப் புள்ளியை இரண்டாகப் பிரித்து வைத்ததும் ஏழும் இடத்தில் உட்கார்ந்தன.

தேதி மட்டும் இன்னும் மிச்சம். ஏழு பேரும் ஒன்றாக ஆடியிருக்கிறார்கள் என்பதால் 2017 செப்டம்பருக்கும், ராணுவச் சேவைக்குப் பிரியுமுன் அவர்கள் ஒன்றாக மேடையேறிய 2022 அக்டோபர் 15 புசான் நிகழ்ச்சிக்கும் இடையில் என்று வைக்கலாம். இல்லையென்றால் கடைசி ஆள் சேவையை முடித்த 2025 ஜூனுக்குப் பிறகு. அவள் இப்போது அந்த இடைவெளியில் உடைகளின் நிறத்தை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறாள். வெள்ளைச் சட்டையில் நால்வர், கறுப்பில் மூவர்.